அம்பும் மினுமினுப்பும்: பெங்களூருவில் புது டயருடன் விழுந்த ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அல்சூர் பக்கம் சிறிய இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்கப்பட்ட ஏழெட்டுப் பேர் சேர்ந்து விடிவதற்கு முன் நந்தி மலைக்கோ சாவனதுர்காவுக்கோ போய்விட்டு மதியத்துக்குள் திரும்புவது வழக்கம். எல்லோரும் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். வயதில் மூத்தவன் என்பதாலும் கையில் ஸ்பேனர் இருப்பதாலும் குழுவை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

இங்கே பதிவது சென்ற நவம்பர் கடைசி வாரத்தில் நடந்தது. விழுந்தவர் இருபத்தாறு வயது இளைஞர், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. வண்டி 200 சிசி. முன்னால் 100/80-17, பின்னால் 130/70-17, இரண்டும் டியூப்லெஸ். செயின் கவரில் ஒட்டியிருந்த அட்டையின்படி காற்று முன்னால் 25 பிஎஸ்ஐ. பின்னால் தனியாகப் போகும்போது 28, பின்னால் ஆள் இருந்தால் 32.

பழைய டயர்கள் இருபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியவை. நகரத்து நேர்ச்சாலையிலேயே தேய்ந்ததால் பின் டயரின் நடுப்பகுதி சப்பட்டையாகி, குறுக்குவெட்டில் பார்த்தால் வட்டத்துக்குப் பதில் கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சனிக்கிழமை மாலை

ஞாயிறு காலைப் பயணத்துக்காகவே சனிக்கிழமை மாலை அவர் டயர் மாற்றினார். என் பட்டறையில் டயர் கழற்றும் இயந்திரம் கிடையாது. அவர் போனது வேறொரு கடை. அங்கே நடந்தவற்றை அவரும் கடைக்காரரும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்து சேர்த்து எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

டயர்கள் புதியவை. பக்கச்சுவரில் பொறித்திருந்த நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணை இளைஞரே பார்த்திருக்கிறார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு மாதச் சரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் இரண்டு டயரையும், பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்பைப் பார்த்து ஏற்றி, சக்கரங்களை மாட்டி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார். அப்போது மணி ஏழேகால்.

இளைஞர் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பின் சக்கரம் நின்ற நிலையில் அம்பு தரைப்பக்கம் இருந்தது; அதன் முனை பின்விளக்கை நோக்கியிருந்தது. வண்டி முன்னால்தானே போகிறது, அம்பு பின்னால் காட்டுகிறதே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "டயரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். கடைக்காரர் கன்னடத்தில் "சரியாகிதெ சார்" என்று சொல்லியும் இவர் கேட்கவில்லை. கடை மூடும் நேரம். வாக்குவாதத்தைவிட வேலை சுலபம் என்று கடைக்காரர் சக்கரத்தை மறுபடி கழற்றி, டயரைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உருளும் சக்கரத்தின் உச்சி முன்னோக்கி நகர்கிறது; தரையைத் தொடும் அடிப்பகுதி வண்டியைப் பொறுத்தவரை பின்னோக்கிப் போகிறது. ஆகவே சரியாக மாட்டிய டயரிலும், அம்பு கீழே வந்து நிற்கும்போது அதன் முனை பின்னால்தான் காட்டும். அம்பை மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டும். உச்சியில் இருக்கும்போது அது முன்விளக்குப் பக்கம் காட்டினால் சரி. சக்கரத்தை அரைச் சுற்று கையால் உருட்டியிருந்தால் அன்று அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

இரண்டாவது முறை ஏற்றியபோது டயரின் விளிம்பு ரிம்மில் நன்றாக உட்கார வேண்டும் என்று நிறைய சோப்புத் தண்ணீர் தடவி, நாற்பது பிஎஸ்ஐ வரை காற்று அடித்திருக்கிறார். விளிம்பு இரண்டு தடவை டப், டப் என்று சத்தத்துடன் உட்கார்ந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். விளிம்பை உட்கார வைக்க அதிகக் காற்று தேவைதான். உட்கார்ந்த பிறகு அதை 28க்கு இறக்க வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போனது. முன் சக்கரத்திலும் அப்படியே. ரசீதில் நேரம் 7.40, ஓடோமீட்டர் 21,364 என்று எழுதியிருந்தது. அந்த ஓடோமீட்டர் எண்ணை எழுதி வைத்த கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பிடிமானம் தந்தது அதுதான்.

ஞாயிறு காலை

நாலரை மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் கூடினோம். தெருவிளக்கு வெளிச்சத்திலேயே அவருடைய டயர்கள் புதிது என்று தெரிந்தது. பக்கச்சுவரில் நீலக் கோடு அழியவில்லை. ஓரங்களில் ரப்பர் முடிகள் விறைத்து நின்றன.

"நேற்றுப் போட்டாயா தம்பி?"

"ஆமாம் அண்ணா. காற்றும் நேற்றே அடித்தாகிவிட்டது."

நான் கேட்டது அவ்வளவுதான். காற்று அளவுமானி என் பையில் இருந்தும் எடுக்கவில்லை. வழியில் அறுபது கிலோமீட்டர் இருக்கிறது, அதற்குள் டயர் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஆய்வில் முதல் தவறாக நான் எழுதுவது அந்த எண்ணத்தை.

ஹெப்பாள், எலஹங்கா, தேவனஹள்ளி என்று பல்லாரி சாலையில் வடக்கே போனோம். அகன்ற நேர்ச்சாலை. இடது பக்கம் திரும்பி மலையடிவாரம் சேரும் வரை வண்டியைச் சாய்க்க வேண்டிய இடம் என்று விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு. அடிவாரத்தில் நின்றபோது இளைஞர் உற்சாகமாக இருந்தார். "டயர் மாற்றியதும் வண்டியே வேறு மாதிரி இருக்கிறது அண்ணா, நினைத்த மாத்திரத்தில் சாய்கிறது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சதுரமாகிவிட்ட பழைய டயர், வண்டியைச் சாய்க்கும்போது அந்தச் சப்பட்டையின் முனையைத் தாண்ட அடம்பிடிக்கும். அதைத் தள்ளித் தள்ளி ஓட்டியே கை பழகியிருக்கும். உருண்டையான புது டயரில் அந்தத் தடை இல்லை. அதே தள்ளலுக்கு வண்டி அதிகமாகச் சாய்ந்துவிடும். பிடிப்பு கூடிவிட்டது என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

வளைவில் நடந்தது

மலை 1,478 மீட்டர் உயரம். மேலே போகப் போக மூடுபனி அடர்ந்தது. சாலை நனைந்திருக்கவில்லை, ஆனால் மர நிழல் விழும் வளைவுகளில் தாரின் நிறம் கறுத்து ஈரம் கோத்திருந்தது. நான் முன்னால், எனக்குப் பின்னால் அதே மாதிரி வண்டியில் இன்னொரு நண்பர், மூன்றாவதாக இவர். நண்பரின் டயர்கள் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியவை.

இடப்பக்கம் மடங்கி மேலேறும் ஒரு கொண்டை ஊசி வளைவு. நானும் நண்பரும் அதை இரண்டாம் கியரில் கடந்தோம். இளைஞரும் அதே வேகம்தான், இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள். வளைவின் பாதியில் அவர் ஆக்சிலேட்டரைத் திறந்தார். பின் சக்கரம் வலப்பக்கமாக வழுக்கி விலக, வண்டி இடப்பக்கம் படுத்தது. எதிரே வண்டி வராதது நம் நல்ல காலம். கிளட்ச் லீவர் முறிந்தது, கியர் லீவர் வளைந்தது, இடது கணுக்கால் சுளுக்கு. தலைக்கவசமும் கையுறையும் போட்டிருந்ததால் மற்ற இடங்களில் சிராய்ப்புக்கூட இல்லை.

"கால் சறுக்கினாற்போலப் போய்விட்டது அண்ணா, முன்னால் ஒரு அறிகுறியும் இல்லை" என்றார். தேய்ந்து பழகிய டயர் பிடிப்பை விடும்போது லேசாக நெளிந்து, கொஞ்சம் முன்னறிவிப்புத் தந்து பிறகுதான் விடும். இவர் சொன்னது அந்த மாதிரி இல்லை.

மலையிலேயே பார்த்தது

அவரை ஓரமாக உட்கார வைத்து, கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வண்டியைப் பார்த்தேன். ஓடோமீட்டர் 21,431. ஆக, டயர் ஓடியது 67 கிலோமீட்டர்.

முதலில் கண்ணில் பட்டது அம்புதான். பின் சக்கரத்தை உருட்டி அம்பை உச்சிக்குக் கொண்டுவந்தேன். அது பின்விளக்கைக் காட்டியது. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் "அதுதான் காரணம், தலைகீழாகப் போட்டிருக்கிறான்" என்று முடிவே கட்டிவிட்டார்கள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு டயரின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தேன். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ரப்பர் சாம்பல் பூத்து, நகத்தால் கீறினால் பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பாக இருந்தது. அதைத் தாண்டி இரண்டு ஓரங்களிலும் கடையிலிருந்து வந்த அதே கறுப்பு மினுமினுப்பு. விரல் வைத்தால் கண்ணாடிபோல வழுக்கியது. வலப்பக்கம் அந்தப் பளபளப்பான பட்டை இரண்டு விரலுக்குச் சற்றுக் குறைவு. இடப்பக்கம் இரண்டரை விரல். ரப்பர் முடிகள் அங்கே அப்படியே நின்றன. இடப்பக்கப் பளபளப்பின் நடுவே, சாய்வாக, ஓர் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரே ஒரு தேய்ந்த கோடு. அந்த இடத்தில் மட்டும் முடிகள் மடங்கி ஒட்டியிருந்தன. வண்டி வழுக்கியபோது தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இடம் அதுதான். சாம்பல் பட்டைக்கு முழுக்க வெளியே இருந்தது.

அரை மணி நேரம் கழித்துக் காற்றை அளந்தேன். பின்னால் 41, முன்னால் 33. டயர் முழுக்கக் குளிர்ந்தால் பின்னால் 39, முன்னால் 31 அளவில் இருக்கும் என்று கணக்கிட்டேன். அட்டையில் இருப்பதைவிடப் பின்னால் பதினொன்று அதிகம்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தது

கண்ணுக்குத் தெரிந்த தவறு ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடுவதை மனம் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அம்பைத் தனியாக எடுத்து, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று யோசித்தேன்.

அம்பு இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்கள் தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும் திசை. தலைகீழாகப் போட்டால் மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும்போது அந்த வேலை கெடும். அன்று தேங்கிய தண்ணீர் இல்லை, வேகமும் முப்பதைத் தாண்டவில்லை. இரண்டு, பல டயர்களில் மேல் ரப்பர் ஒரு நீண்ட பட்டையாகச் சுற்றப்பட்டு, முனைகள் சரிவாக ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டப்படுகின்றன. பின் டயரின் மேல் ரப்பரை எஞ்சின் விசையின்போது சாலை முன்னோக்கி இழுக்கிறது. முன் டயரில் பிரேக் பிடிக்கும்போது அது பின்னோக்கி இழுபடுகிறது. மீன் செதிலை வால் பக்கமாகத் தடவினால் படியும், தலைப்பக்கமாகத் தடவினால் எழும்பும். அந்த ஒட்டு எப்போதும் படியும் பக்கமாக விசை வர வேண்டும் என்பதற்காகத்தான் அம்பு. இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும் சில டயர்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு எதிர்த்திசையில் ஒன்று என்று இரண்டு அம்புகள் இருப்பதும் இதனால்தான். தலைகீழாகப் போட்டால் வரும் சேதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் வரும், அறுபத்தேழில் வராது. அந்த டயரில் ஒட்டு எங்கும் பிரியவும் இல்லை.

ஆகவே அம்பு தவறுதான், உடனே திருத்த வேண்டியதுதான். ஆனால் அன்று வண்டியைப் படுக்க வைத்தது அது அல்ல என்பது என் முடிவு.

படுக்க வைத்தது மினுமினுப்பு. டயர் வெந்து வெளிவரும் அச்சின் உட்புறம் மிக வழவழப்பானது. அந்த வழவழப்பு ரப்பரின் மேல்தோலில் அப்படியே பதிகிறது. சாலையின் நுண்ணிய கற்களைக் கவ்வும் சொரசொரப்பு அதில் இல்லை. அச்சு எண்ணெய் ஒட்டியிருக்கிறது, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். எண்ணெயோ மெழுகோ லேசாக இருந்தாலும், கழுவினால் போகிற விஷயம் இல்லை இது. தோலே ரப்பர், சாலையில் உரசித்தான் கழிய வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. அது தோலைக் கீறும், ஆனால் டயரின் உள்ளுடல் வளைந்து நெகிழ்வதற்கும் ரிம்மில் சோப்புத் தண்ணீர் காய்ந்து விளிம்பு இறுகுவதற்கும் ஓட்டம் வேண்டும். அதனால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

டயர் தயாரிப்பாளர்கள் முதல் 160 கிலோமீட்டர் அளவுக்கு நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள். இந்த நிகழ்வு எனக்குக் கற்றுக்கொடுத்தது, அந்த எண்ணை மட்டும் எண்ணுவதில் அர்த்தமில்லை என்பது. அவர் 67 கிலோமீட்டர் ஓட்டினார் என்பது நடுப்பட்டைக்கு மட்டும் உண்மை. வளைவில் தரையைத் தொட்ட ஓரப்பட்டைக்கு அது முதல் மீட்டர். பல்லாரி சாலையிலேயே முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் அந்த ஓரம் புதிதாகவே இருந்திருக்கும்.

மிகுதிக் காற்று இதைக் கூட்டியது. 39இல் டயர் கல்போல் விறைத்து, தரையில் படியும் பரப்பு சுருங்குகிறது. நெளிவு குறைவதால் டயர் சூடேறுவதும் குறைகிறது. அதன் மேல் ஈரம், அதன் மேல் சாய்வில் ஆக்சிலேட்டர். அதே வளைவை அதே வேகத்தில், பழகிய டயருடன் சரியான காற்றில் போன நண்பரின் வண்டி நெளியக்கூட இல்லை. இந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் எல்லை உண்டு. ஈரம் எத்தனை பங்கு, காற்று எத்தனை பங்கு என்று ஒரு விழுதலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேய்ந்த கோடு எந்தப் பட்டையில் இருந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

எடுத்த முடிவுகள்

மலையிலேயே பின் காற்றை 28க்கும் முன் காற்றை 25க்கும் இறக்கினேன். சூடான டயரில் இறக்கினால் குளிர்ந்ததும் இன்னும் ஒன்றிரண்டு குறையும் என்று தெரிந்தேதான் செய்தேன். அறுபது கிலோமீட்டர் நிதானமாகத் திரும்பிப் போவதற்கு அதிகத்தைவிட அது பரவாயில்லை. அவர் வண்டியை நான் ஓட்டினேன். லீவரின் முறிந்த குச்சியில் இரண்டு விரல் வைக்க இடம் இருந்தது. அவர் என் வண்டியின் பின்னால் நண்பருடன் வந்தார். டயர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்காக மலையில் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைக்கவில்லை. இறங்கும் வழியில் எந்த வளைவிலும் நடந்து போகும் வேகம்தான்.

மறுநாள் இளைஞர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் சத்தம் போடவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றி, அம்பு கீழிருந்து மேலே வருவதைக் காட்டினார். "சனிக்கிழமை நான் போட்டது சரி, நீங்கள் சொன்னதால் மாற்றினேன். மாற்றியது என் தப்பு" என்றார். இளைஞர் பதில் பேசவில்லை. காற்றை இறக்காமல் விட்டதையும் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். காசு வாங்காமல் டயரைத் திருப்பிப் போட்டார். சக்கரத்தைப் படுக்க வைக்கும்போது பிரேக் தட்டு இருக்கும் பக்கத்தை மேலே வைத்தார். அந்தத் தட்டு தரையில் அழுந்தினால் கோணிப்போகும்.

நான் பார்த்துக்கொண்டவை மூன்று. விளிம்பை ஒட்டிப் பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய வட்டக் கோடு, ரிம் ஓரத்திலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்பது முதலாவது. ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். செயின் இறுக்கும் இடத்தில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒத்திருக்கின்றனவா என்பது அடுத்தது. சனிக்கிழமை அவசரத்தில் அது ஒரு கோடு பிசகியிருந்தது, சரிசெய்தோம். கடைசியாகப் பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்தி, கெட்டியாகும் வரை பார்த்தது. சக்கரம் கழற்றி மாட்டியபின் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமல் போவதுண்டு.

மேல்தோல் கழித்த விதம்

கணுக்கால் ஆறப் பத்து நாட்கள் ஆயின. அதன்பின் ஒரு வாரம் அலுவலகத்துக்கு நேர்ச்சாலையில் மட்டும் போய்வரச் சொன்னேன். நேராகப் போகும்போதே மெல்ல முடுக்குவதும் மெல்லப் பிரேக் பிடிப்பதும் வேண்டும். வெறுமனே உருட்டிப் போனால் தோல் கழிய நாளாகும்.

ஓரங்களுக்கு ஒரு ஞாயிறு மதியம் வைட்ஃபீல்டு பக்கத் தொழிற்பேட்டைச் சாலைகளைத் தேர்ந்தெடுத்தோம். ஆள் நடமாட்டம் குறைவு, மணல் இல்லை, வெயிலில் தார் சூடாக இருந்தது. புறப்படும் முன் டயரின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை, சாக்கட்டியால் நாலைந்து கோடுகள் போட்டேன். சாலையில் படும் இடத்தில் சாக்கு அழிந்துவிடும். படாத இடத்தில் நிற்கும். எவ்வளவு சாய்ந்தோம் என்று ஓட்டுநர் நினைப்பதற்கும் உண்மைக்கும் இடையே உள்ள தூரத்தை இது கூசாமல் சொல்லிவிடும்.

முதல் சுற்றுக்குப் பிறகு இளைஞர் "நல்லா சாய்த்தேன் அண்ணா" என்றார். சாக்கு, சாம்பல் பட்டைக்கு வெளியே ஒரு நூல் அகலம்தான் அழிந்திருந்தது. அதுவே சரியான அளவு என்று சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில் முந்தியதைவிடச் சிறிதளவு கூடுதலாக, சாய்வில் ஆக்சிலேட்டரைத் திறக்காமல், ஒரே சீராகப் பிடித்துப் போக வேண்டும். ஒரு தாவலில் பாதிப் பட்டையைத் தாண்டினால் மலையில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

அங்கே ஒரு விஷயம் எனக்கே புதிதாகப் புரிந்தது. ஒரு ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்தோம். வலப்பக்கச் சாக்கு நன்றாக அழிந்துகொண்டே வர, இடப்பக்கம் அப்படியே நின்றது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் ரவுண்டானாவைக் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறோம், வண்டி எப்போதும் வலப்பக்கமே சாய்கிறது. இடப்பக்கத் திருப்பங்களோ நகரத்தில் குறுகலானவை. வேகம் குறைத்து, சாயாமலே திரும்பிவிடுகிறோம். மலையில் இடப்பக்கப் பட்டை அகலமாக இருந்ததற்கும், விழுந்தது இடப்பக்க வளைவில் என்பதற்கும் அதுவரை நான் காரணம் தேடவில்லை. பிறகு இடது திருப்பங்களாகவே அமையும்படி நாலு சாலைகள் சேர்ந்த ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து அதையே சுற்றினோம்.

இரண்டு ஞாயிறுகள், அலுவலக ஓட்டமும் சேர்த்து 310 கிலோமீட்டர் ஆயிற்று. 160 என்ற எண்ணிக்கையைப்போலக் கிட்டத்தட்ட இருமடங்கு ஓடியும் இடப்பக்கம் அரை விரல் பளபளப்பு மிச்சம் இருந்தது.

பின்னர்

ஜனவரியில் மறுபடி நந்தி மலை ஏறினோம், இந்த முறை காலை ஒன்பது மணிக்கு, வெயில் வந்து சாலை காய்ந்த பிறகு. அதே வளைவை இளைஞர் அதே இரண்டாம் கியரில் கடந்தார். ஆக்சிலேட்டரை வண்டி நிமிர்ந்த பிறகுதான் திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாலை காய்ந்திருந்ததால் இதை நான் நிரூபணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் இப்போது டயர் மாற்றியதும் வாடிக்கையாளரை அழைத்து, சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றி, அம்பு உச்சியில் வரும்போது நிறுத்திக் காட்டுகிறார். காற்றை அளந்து அந்த எண்ணையும் ரசீதில், ஓடோமீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில், எழுதுகிறார். இரண்டுமே அவராகச் செய்தவை.

நான் மாற்றிக்கொண்டவை

பயணத்துக்கு முந்தின நாள் டயர் மாற்றியவர்களை மலைக்கு அழைத்துப் போவதில்லை. கூட வந்தே தீருவேன் என்பவர் அடிவாரம் வரை வரலாம். ஒரு நண்பருக்கு இதில் வருத்தம். இரண்டு மாதம் பேசவில்லை, பிறகு வந்துவிட்டார்.

கிளம்பும் இடத்தில் எல்லா வண்டிக்கும் காற்றை நானே அளக்கிறேன், வாய்வார்த்தையை நம்புவதில்லை. டயர் புதிதா என்று கேட்டால் போதாது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டாலும் போதாது. விளக்கைப் பிடித்து, மினுமினுப்பு எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பக்கமும் பார்க்கிறேன். இடப்பக்கத்தை முதலில்.

இளைஞரின் டயரில் இடது ஓரத்தில் நகத்தின் அகலத்துக்கு இன்னும் பளபளப்பு இருக்கிறது. அதையும் கழித்துவிட வேண்டுமா என்று சென்ற வாரம் கேட்டார். சாலையில் அவ்வளவு சாய்க்க வேண்டிய தேவையே வராது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.